ஒரே தேர்வு, இரண்டு கோட்பாடுகள்: செயற்பாட்டியத்தையும் முரண்பாட்டுக் கோட்பாட்டையும் பொருத்திப் பார்ப்பது எப்படி

சமூகவியலில் முதலாம் ஆண்டு படிப்பவர்களிடம் ‘பள்ளித் தேர்வுகளை இரு கோட்பாடுகளின் வழி ஒப்பிடுக’ என்று கேட்டால் வரும் விடைகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தேர்வு திறமையைக் கண்டறிந்து பொருத்தமான இடத்தில் அமர்த்துகிறது என்பது செயற்பாட்டியம். தேர்வு ஏற்றத்தாழ்வைக் காப்பாற்றுகிறது என்பது முரண்பாட்டுக் கோட்பாடு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. இதில் குறிப்புகள் இரண்டு அருகருகே வைக்கப்பட்டிருக்கின்றன. ஒப்பீடு இன்னும் தொடங்கவே இல்லை. ஒரே தகவலைப் பற்றி இரண்டு கோட்பாடுகளும் வெவ்வேறு எதிர்பார்ப்பைச் சொல்ல வேண்டும், பிறகு எது நிற்கிறது, எது சறுக்குகிறது என்று பார்க்க வேண்டும். அதைச் செய்வதற்கான வழியைத்தான் இங்கே தமிழ்நாட்டின் மருத்துவச் சேர்க்கையை எடுத்துக்கொண்டு காட்டுகிறேன்.

முதலில் நிகழ்வைக் குறுக்குங்கள்

‘தேர்வு’ என்பது ஆய்வுக்கு மிகப் பெரிய பொருள். ஐந்தாம் வகுப்பின் மாதத் தேர்வும் குடிமைப்பணித் தேர்வும் அதற்குள் அடங்கிவிடும். எந்தத் தேர்வு, எந்த வாசலைத் திறக்கிறது, எந்த ஆண்டுகளில் என்ற மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுத முடிகிற அளவுக்குக் குறுக்க வேண்டும். நம்முடைய வாக்கியம் இது: தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்பில் சேர்வதற்கான தேர்வு முறை, 2007 முதல் 2021 வரை.

இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், நடுவில் விதி மாறியது. மாறாமல் இருக்கும் ஒரு தேர்வை இரண்டு கோட்பாடுகளும் சௌகரியமாக விளக்கிவிடும். விதி மாறும்போது யார் உள்ளே வருகிறார்கள், யார் வெளியே நிற்கிறார்கள் என்பது மாறுகிறதா என்று பார்க்கலாம். அங்கேதான் கோட்பாடுகள் தங்கள் கையைக் காட்டியாக வேண்டும்.

கோட்பாட்டுச் சொல் எதுவும் இல்லாமல் தகவலை எழுதுங்கள்

ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ‘திறமை’, ‘தகுதி’, ‘சுரண்டல்’, ‘ஆதிக்கம்’ ஆகிய சொற்கள் இந்தப் பக்கத்தில் வரக்கூடாது. அவை ஏற்கெனவே ஒரு கோட்பாட்டின் பக்கம் சாய்ந்தவை. நம் நிகழ்வுக்கு அந்தப் பக்கம் ஏறத்தாழ இப்படி இருக்கும்.

1984 முதல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விச் சேர்க்கைக்கு மாநில அளவில் ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. 2006இல் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்தால் அது நீங்கியது. 2007–08 முதல் +2 மதிப்பெண்ணே அடிப்படை: உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று சுருக்கி, 200க்குக் கட்-ஆஃப் கணக்கிட்டார்கள். 2017 முதல் அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் 720 மதிப்பெண்ணுக்கான நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தது. மாநிலத்தின் 69 விழுக்காடு இடஒதுக்கீடு இரண்டு காலங்களிலும் அப்படியே தொடர்ந்தது. 2021இல் ஓய்வுபெற்ற நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் மாநில அரசு அமைத்த குழு, சேர்க்கை விவரங்களைத் தொகுத்தது. அதன்படி, தமிழ்வழியில் படித்துச் சேர்ந்தவர்கள் 2016–17இல் ஏறத்தாழ 15 விழுக்காடு. அடுத்த ஆண்டே 2 விழுக்காட்டுக்கும் கீழ். முந்தைய ஆண்டுகளில் +2 முடித்து மறுபடி முயன்று சேர்ந்தவர்கள் 2016–17இல் ஏறத்தாழ 12 விழுக்காடு. 2020–21இல் 71 விழுக்காடு.

தகவலின் ஊற்றையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள். இந்தக் குழுவை அமைத்த அரசு நீட்டை எதிர்த்த அரசு. அதனால் குழுவின் பரிந்துரையைச் சான்றாகக் கொள்ளாமல், சேர்க்கை எண்களை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது.

இங்கே 69 விழுக்காட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சமூகப் பிரிவு வாரியாக எண்ணிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் மாறவில்லை’ என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. ஒதுக்கீடு அந்த விகிதங்களைப் பிடித்து வைத்திருக்கிறது, மாறாமல்தான் இருக்கும். மாற்றம் ஒவ்வொரு பிரிவுக்கும் உள்ளே நடக்கிறது: எந்த வழியில் படித்த பிள்ளை, எந்தப் பாடத்திட்டம், எத்தனையாவது முயற்சி. அளக்கும் கோலைத் தவறாக எடுத்தால், பிறகு எந்தக் கோட்பாட்டைப் பொருத்தியும் பயனில்லை.

செயற்பாட்டியத்திடம் கேட்க வேண்டியவை

சமூகத்தை ஒன்றையொன்று சார்ந்த உறுப்புகளால் ஆன முழுமையாகப் பார்த்து, ஒவ்வொரு உறுப்பும் அந்த முழுமைக்கு என்ன செய்கிறது என்று கேட்பது செயற்பாட்டியம். தேர்வைப் பற்றிய அதன் வாதத்துக்கு இரண்டு தூண்கள். 1945இல் கிங்ஸ்லி டேவிஸ், வில்பர்ட் மூர் இருவரும் எழுதிய கட்டுரை ஒன்று: சில பணிகள் சமூகத்துக்கு அதிக முக்கியமானவை, அவற்றுக்கு அரிய திறமையும் நீண்ட பயிற்சியும் வேண்டும், ஆகவே அவற்றுக்கு அதிக வெகுமதி இருந்தால்தான் தகுந்தவர்கள் முன்வருவார்கள். மற்றது 1959இல் டால்காட் பார்சன்ஸ் அமெரிக்கப் பள்ளி வகுப்பறையைப் பற்றி எழுதியது: வீட்டில் பிள்ளை யாருடைய பிள்ளை என்பதால் மதிக்கப்படுகிறது, பள்ளியில் எல்லோருக்கும் பொதுவான அளவுகோலால் மதிப்பிடப்படுகிறது. அந்த மாற்றத்துக்குப் பிள்ளையைப் பழக்குவதும், யார் எந்த வேலைக்கு என்று பிரித்து அனுப்புவதும் பள்ளியின் பணி.

இதை வைத்து நம் நிகழ்வுக்கு ஒரு பத்தி எழுதிப் பார்க்கலாம். மருத்துவ இடங்கள் குறைவு, கேட்பவர்கள் பல மடங்கு. யாருக்கு இடம் என்பதைச் சிபாரிசோ பணமோ தீர்மானித்தால் மருத்துவர் மீதான நம்பிக்கை குலையும். ஆளுக்கேற்ப வளையாத பொது அளவுகோல் அதைத் தடுக்கிறது. பல கல்லூரிகள் தனித்தனியே நடத்திய தேர்வுகளுக்குப் பதில் நாடு முழுவதற்கும் ஒன்று என்பது, பாடத்திட்டங்கள் பலவாக இருக்கும் நாட்டில் மதிப்பெண்களை ஒப்பிட ஒரு வழி. இது வெளிப்படையான செயற்பாடு. கிடைக்காதவர்கள் தோல்வியை ஏற்றுக்கொண்டு வேறு படிப்புக்குப் போவதற்கும் தேர்வு உதவுகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத இதை மறைமுகச் செயற்பாடு என்பார்கள். இந்தப் பிரிவினையைத் தெளிவாக்கியவர் ராபர்ட் மெர்ட்டன். அவரே மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்தார்: ஒரு ஏற்பாடு முழுமைக்குக் கேடும் செய்யலாம். பயிற்சி மையத்துக்குப் போகும் மாணவர்களால் +2 வகுப்பறை வெறிச்சோடுவதை இந்தத் தலைப்பில் வைக்கலாம்.

புதியவர்கள் இந்தக் கட்டத்தில் தொடர்ந்து இரண்டு இடங்களில் இடறுகிறார்கள். ஒன்று, செயற்பாட்டைக் காரணமாக எழுதிவிடுவது: ‘திறமையானவர்களைத் தேர்ந்தெடுக்கவே இந்தத் தேர்வு வந்தது.’ ஒரு ஏற்பாட்டின் பயனையும் அது பிறந்த காரணத்தையும் தனித்தனியாகத் தேட வேண்டும் என்று எமில் துர்கைம் 1895லேயே வற்புறுத்தினார். நுழைவுத் தேர்வு 2006இல் நீங்கியதற்கும் நீட் 2017இல் வந்ததற்கும் காரணம் தேடினால் தேர்தல் அரசியல், நீதிமன்றத் தீர்ப்பு, மத்திய–மாநில அதிகாரப் பங்கீடு என்றுதான் போக வேண்டியிருக்கும். இரண்டாவது, ‘சமூகத்துக்கு நன்மை’ என்று எழுதிவிட்டு எந்தச் சமூகம் என்று சொல்லாமல் விடுவது. மெர்ட்டனின் கேள்வியை ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் எழுதி வையுங்கள்: யாருக்கு, எந்த அலகுக்கு இந்தச் செயற்பாடு? மருத்துவக் கல்லூரிக்கு நன்மையானது, மருத்துவர் போய்ச் சேராத மலைக்கிராமத்துக்குக் கேடாக இருக்கலாம்.

முரண்பாட்டுக் கோட்பாட்டிடம் கேட்க வேண்டியவை

இந்தப் பெயரின் கீழ் ஒரே குடும்பம் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால் பாதிக் கட்டுரை வீண். மார்க்ஸ் வழியில் 1976இல் சாமுவேல் போல்ஸ், ஹெர்பர்ட் ஜின்டிஸ் இருவரும் சொன்னது: பள்ளியின் ஒழுங்கு தொழிற்கூடத்தின் ஒழுங்கை ஒத்திருக்கிறது, அது பணிந்து உழைக்கும் தொழிலாளரை உருவாக்குகிறது. பியர் போர்தியூ சொன்னது வேறு: வீட்டில் ஊறிய மொழி, பேச்சு முறை, புத்தகப் பழக்கம் ஆகிய பண்பாட்டு மூலதனத்தைத் தேர்வு அளந்துவிட்டு, அதைப் பிறவித் திறமை என்று பெயர் சூட்டுகிறது. வேபர் வழியில் ராண்டல் காலின்ஸ் 1971இல் எழுதிய கட்டுரையில் நாம் இப்போது செய்வதையே செய்தார். செயற்பாட்டியத்தையும் முரண்பாட்டுக் கோட்பாட்டையும் அமெரிக்கத் தகவல்களின் மீது வைத்துப் பார்த்தார். வேலைகளுக்குக் கேட்கப்படும் கல்வித் தகுதி உயர்ந்ததில் பெரும் பகுதியை வேலை நுட்பமானதைக் கொண்டு விளக்க முடியவில்லை என்பதும், அந்தஸ்துக் குழுக்கள் தங்கள் பண்பாட்டை வேலைக்கான நுழைவுச்சீட்டாக ஆக்கிக்கொள்கின்றன என்பதும் அவர் முடிவு. கோட்பாடுகளை ஒப்பிட விரும்புகிறவர் அந்தக் கட்டுரையைக் கட்டாயம் படிக்க வேண்டும். மாதிரி வேறு தேட வேண்டியதில்லை.

நம் நிகழ்வுக்கு எது பொருந்தும்? மருத்துவராகப் போகிறவரைப் பணிந்து உழைக்கும் தொழிலாளர் என்று காட்டுவது இழுத்துக் கட்டுவதாகும். ஆகவே போல்ஸ்–ஜின்டிஸை விட்டுவிடலாம். போர்தியூவும் காலின்ஸும் போதும்.

பத்தி இப்படி வரும். நீட் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தையும் சரியான விடையைத் தெரிவு செய்யும் வினா வடிவையும் சார்ந்தது. 2017இல் அதை எழுதிய தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்ட மாணவர்கள் பழைய பாடநூலைப் படித்தவர்கள்; புதிய +1 நூல் 2018லும் +2 நூல் 2019லும்தான் வந்தன. நகரத்தில் ஆங்கிலவழியில் மத்தியப் பாடத்திட்டம் படித்தவருக்கு அது வழக்கமான சாலை. மற்றவருக்குக் கட்டணம் கட்டிக் கற்க வேண்டிய புதுப் பாதை. ஓராண்டு சம்பாதிக்காமல் உட்கார்ந்து பயிற்சிக் கட்டணமும் கட்ட முடிந்த குடும்பம் அதைக் கடந்துவிடும். கடக்க முடியாதவர் தனக்கு மூளை போதாது என்று நினைத்துக்கொண்டு விலகுவார்.

இங்கேயும் ஒரு பொறி. ‘பணக்காரர்கள் ஏழைகளை ஒதுக்கவே இந்தத் தேர்வைக் கொண்டுவந்தார்கள்’ என்று எழுதினால் அது சதிக்கதை ஆகிவிடும். முரண்பாட்டுக் கோட்பாட்டுக்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. எந்தக் குழு, எந்த வளம், அந்த வளம் எந்த வழியாக மதிப்பெண்ணாக மாறுகிறது என்ற மூன்றையும் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். மூன்றில் ஒன்றைக் காட்ட முடியாவிட்டால் அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

இரண்டையும் ஒரே தகவலின் மேல் நிறுத்துங்கள்

வேலையின் மையம் இதுதான். ஒவ்வொரு தகவலையும் எடுத்து, இரண்டு கோட்பாடுகளும் இதை முன்கூட்டியே எதிர்பார்த்திருக்குமா என்று கேளுங்கள். இரண்டுமே எதிர்பார்க்கும் தகவலை ஒதுக்கி வைத்துவிட வேண்டும். அது எதையும் தீர்க்காது.

எடுத்துக்காட்டு: நீட்டை எதிர்த்தவர்கள்கூடச் சீட்டுக் குலுக்கிப் போட்டுச் சேர்க்கச் சொல்லவில்லை, +2 மதிப்பெண் என்ற இன்னொரு தேர்வைத்தான் கேட்டார்கள். தேர்வு என்ற அளவுகோலில் எல்லோருக்கும் நம்பிக்கை. செயற்பாட்டியர் இதைப் பொது மதிப்பீடு என்பார். போர்தியூ வழி வருகிறவர், தேர்வு தன்னை நியாயமாகக் காட்டிக்கொள்வதில் வெற்றி பெற்றுவிட்டது என்பார். இருவருக்கும் தகவல் ஒத்துப்போகிறது. மாணவர்கள் இதை வைத்துத்தான் நான்கு பக்கம் எழுதுகிறார்கள்.

இப்போது தமிழ்வழி மாணவர்களின் விழுக்காட்டை எடுங்கள். ஓராண்டில் 15இலிருந்து 2க்கும் கீழே. தமிழ்வழிப் பிள்ளைகளின் அறிவு ஓராண்டில் மாறியிருக்க முடியாது. மாறியது வாசல் மட்டும். செயற்பாட்டியம் இங்கே ஒரு நிலைப்பாடு எடுத்தாக வேண்டும். பழைய +2 முறை மனப்பாடத்தை அளந்தது, புதியது மருத்துவத்துக்கு வேண்டிய திறனை அளக்கிறது என்று சொல்லலாம். அது நேர்மையான பதில்தான், சோதிக்கவும் முடியும்: அப்படியானால் 2007–16 காலத்தில் சேர்ந்த தமிழ்வழி மாணவர்கள் எம்.பி.பி.எஸ். தேர்வுகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருக்க வேண்டும். அந்த விவரத்தைத் தேடி எடுக்காமல் செயற்பாட்டியத்தின் விடையை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. முரண்பாட்டுக் கோட்பாடு இந்த வீழ்ச்சியை முன்கூட்டியே சொல்லியிருக்கும்: வீட்டு மொழிக்கும் தேர்வு மொழிக்கும் இடைவெளி கூடினால் அந்த வீட்டுப் பிள்ளை வெளியே நிற்கும்.

மறுமுறை முயன்றவர்களின் தகவல் இன்னும் கூர்மையானது. 12இலிருந்து 71. டேவிஸ்–மூர் வழியில், நீண்ட பயிற்சியைத் தாங்கும் உறுதி இது, மருத்துவருக்கு வேண்டிய குணம்தான். டேவிஸ், மூர் இருவருக்கும் மறுப்பாக மெல்வின் டுமின் 1953இல் எழுதியதில் இதற்கு விடை இருக்கிறது: பயிற்சிக் காலத்தின் சுமையைத் தாங்குவது பெரும்பாலும் பெற்றோரின் பணம். ஆக, எதைப் பார்க்க வேண்டும் என்பது தெளிவு. மறுமுயற்சி உறுதியின் அடையாளம் என்றால் எல்லா வருமான நிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவில் அது காணப்பட வேண்டும். பணத்தின் அடையாளம் என்றால் வருமானம் ஏற ஏறக் கூடும்.

தனியார் கல்லூரிகளின் நிர்வாக இடங்களையும் பாருங்கள். நீட்டில் பொதுப் பிரிவினருக்கு 50ஆவது சதமானம் தொட்டால் தகுதி. அதாவது எழுதியவர்களில் ஏறத்தாழ மேல் பாதி முழுவதும் ‘தகுதியானவர்கள்’. அந்தப் பெருங்கூட்டத்தில் கட்டணம் கட்ட முடியாமல் ஒருவர் விலக, அவருக்கு மிகப் பின்னால் உள்ள ஒருவர் அதே இடத்தில் சேர முடிகிறது. மிகத் திறமையானவரை மிக முக்கியமான இடத்தில் வைப்பது தேர்வின் பணி என்ற கூற்றுக்கு இது நேர் எதிர். என் பார்வையில் செயற்பாட்டியம் இந்த நிகழ்வில் அதிகம் தடுமாறும் இடம் இதுவே.

முரண்பாட்டுக் கோட்பாட்டையும் விட்டுவிடாதீர்கள்

பலருக்கு இங்கே கை ஓய்ந்துவிடும். மனம் ஏற்கெனவே ஒரு பக்கம் போயிருக்கும். இரண்டு தகவல்கள் அந்தப் பக்கத்துக்கும் சங்கடம் தருகின்றன.

முதலாவது, +2 காலம் பொற்காலம் அல்ல. அப்போது நாமக்கல் வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் +1 பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இரண்டு ஆண்டுகளும் +2 பாடத்தையே நடத்தி மருத்துவ இடங்களை அள்ளின. அரசுப் பள்ளி மாணவர்கள் அப்போதும் சொற்பமே. ஆக, பழைய வாசலுக்கும் பணம் படைத்தவர்கள் தங்களைப் பழக்கிக்கொண்டார்கள், புதிய வாசலுக்கும் பழக்கிக்கொண்டார்கள். ஆனால் இருவரும் ஒரே ஆட்கள் அல்லர். முன்னது சிறுநகரத்து மாநிலப் பாடத்திட்ட நடுத்தர வர்க்கம். பின்னது பெரும்பாலும் நகரத்து ஆங்கிலவழி. ‘உள்ளவர் – இல்லாதவர்’ என்ற இரு வர்க்கக் கணக்கு இந்த இடமாற்றத்தை விளக்காது. குழுக்கள் பலவாக இருந்து விதிக்காகப் போட்டியிடுகின்றன என்ற காலின்ஸின் வடிவம் விளக்கும். முரண்பாட்டுக் கோட்பாட்டின் எந்த வடிவம் என்று முன்பே சொல்லியிருந்தால்தான் இந்தத் தகவலை அது தாங்கும்.

இரண்டாவது, 2020இல் அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டுக்குத் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. அரசு ஆதிக்கக் குழுக்களின் கருவி என்று எழுதியிருந்தால் இதை எங்கே வைப்பது? செயற்பாட்டியருக்கு இது எளிது: கேடு தெரிந்தது, அமைப்பு தன்னைச் சரிசெய்துகொண்டது. ஆனால் அந்த எளிமையை உடனே நம்பிவிட வேண்டாம். அமைப்பு தானே சரிசெய்துகொண்டது என்றால் கேடு தெரிந்த இடங்களிலெல்லாம் திருத்தம் வந்திருக்க வேண்டும். மருத்துவ இடங்களுக்காக நீண்ட அரசியல் போராட்டம் நடந்த மாநிலத்தில் அது வந்தது என்பது, அழுத்தம் தந்த குழுக்களைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இதைச் சரியாகச் சோதிக்க, இதே விதி மாற்றத்தைச் சந்தித்தும் இத்தகைய ஒதுக்கீடு கொண்டுவராத இன்னொரு மாநிலத்தை அருகில் வைக்க வேண்டும்.

எழுதும்போது

கட்டுரையைக் கோட்பாடு வாரியாகப் பிரிக்காமல் தகவல் வாரியாகப் பிரியுங்கள். தமிழ்வழி வீழ்ச்சிக்கு ஒரு பகுதி, மறுமுயற்சிக்கு ஒரு பகுதி, 7.5க்கு ஒரு பகுதி; ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கோட்பாடுகளும் எதிரெதிரே உட்கார வேண்டும். கோட்பாட்டு அறிமுகம் ஒரு பக்கத்தைத் தாண்டினால் நறுக்குங்கள்.

முடிவை ஒரே தீர்ப்பாக எழுத முயல வேண்டாம். கேள்வி வாரியாக எழுதுங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: யார் உள்ளே வருகிறார்கள் என்ற கேள்விக்குக் காலின்ஸின் வடிவம் இந்த நிகழ்வில் வலுவானது. பொது அளவுகோல் ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியைச் செயற்பாட்டியம் மட்டுமே ஒழுங்காக எழுப்புகிறது, அதற்கு முரண்பாட்டுக் கோட்பாட்டிடம் நேரான பதில் கிடையாது. தேர்வறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த மூன்று மணி நேரம் என்னவாக இருக்கிறது என்பதை இரண்டுமே கேட்பதில்லை; அதற்கு ஊடாட்டக் கோட்பாட்டிடம் போக வேண்டும்.

பழகிப் பார்க்க ஒரு சின்ன நிகழ்வு: +1 பொதுத் தேர்வு. +1 பாடம் புறக்கணிக்கப்படுவதைத் தடுப்பதற்காக 2017–18இல் தமிழ்நாடு இதைக் கொண்டுவந்தது. அதே 2017இல் பொதுத் தேர்வில் மாநில ‘ரேங்க்’ அறிவிப்பதையும் நிறுத்தியது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை +1 பொதுத் தேர்வை நீக்கியது. தொடக்கமும் முடிவும் உள்ள தேர்வு, ஆண்டுகள் குறைவு, தகவல் பக்கத்தை ஒரு மாலையில் எழுதிவிடலாம். வந்ததற்கு ஒரு கோட்பாடும் போனதற்கு இன்னொரு கோட்பாடும் வசதியாகத் தோன்றும். இரண்டையும் ஒரே கோட்பாட்டால் விளக்க முயன்று, எங்கே முட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மற்றதை எடுங்கள்.